அக்கவுண்டன்ட் வேலையை விடும்போது: கடைசி மாதத்தை 7, 11, 15, 20 என்று பிரித்துக்கொள்வது எப்படி

ஒரு மாத நோட்டீஸில் 20-ஆம் தேதி ஒரே ஒரு முறைதான் வரும். அக்கவுண்ட்ஸ் வேலையை ஒப்படைப்பதில் இருக்கிற முழுச் சிக்கலும் அதுதான். டிசைனரோ மெர்ச்சண்டைசரோ ஒரு வேலையை நான்கு தடவை செய்து காட்டிவிட்டுப் போகலாம். நமக்கு டிடிஎஸ் கட்டும் 7-ஆம் தேதி ஒன்று, GSTR-1 போடும் 11-ஆம் தேதி ஒன்று, பிஎஃப்-ஈஎஸ்ஐ கட்டும் 15 ஒன்று, GSTR-3B போடும் 20 ஒன்று. அந்த நாளைத் தவறவிட்டால் புதியவர் அதை முதல் முறையாகச் செய்யும்போது பக்கத்தில் நாம் இருக்க மாட்டோம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஏழு வருடம் இருந்துவிட்டு, ஆகஸ்ட் 31 கடைசி நாள் என்று எழுதிக்கொடுத்து வெளியே வந்தவன் நான். கீழே சொல்வது அந்த ஒரு மாதத்தை நான் எப்படிப் பிரித்தேன் என்பது. மாதந்தோறும் ரிட்டர்ன் போடுகிற சிறிய, நடுத்தர கம்பெனி எதற்கும் இது பொருந்தும். ஆடிட்டர் ஆபீஸே எல்லாம் பார்த்துக்கொள்கிறது என்றால் பாதி வேலை குறையும்.

கடிதம் கொடுப்பதற்கு முன்பே: காலண்டர்

முதலில் உங்கள் மாதத்தில் எந்தத் தேதிகள் விழுகின்றன, எவை விழவில்லை என்று பாருங்கள். விழாதவைதான் ஆபத்து.

எனக்கு ஆகஸ்ட். மாதத் தேதிகள் நான்கும் வந்துவிட்டன. ஆனால் 15 சுதந்திர தினம். வங்கி கிடையாது, ஓனரும் ஊரில் இருக்க மாட்டார். அதனால் பிஎஃப் வேலையை 13-ஆம் தேதிக்கே நகர்த்தினேன். ஏப்ரல்-ஜூன் காலாண்டுக்கான டிடிஎஸ் ரிட்டர்ன் ஜூலை 31-லேயே முடிந்துவிட்டது. அடுத்தது அக்டோபர் 31, அதைப் புதியவர் தனியாகத்தான் செய்தாக வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு வெளியே போன துணிக்கான ITC-04, எங்கள் டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேல் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அடுத்தது அக்டோபர் 25. செப்டம்பர் 30-க்குள் டாக்ஸ் ஆடிட். அதே தேதிக்குள் தொழில் வரியின் முதல் அரையாண்டு. அதற்குப் பிறகு தீபாவளி போனஸ். ஆக, நான் போன இரண்டே மாதத்தில் ஐந்து பெரிய வேலைகள், ஒன்றையும் நான் செய்துகாட்டப் போவதில்லை. காட்ட முடியாததை எழுதித்தான் வைக்க வேண்டும். எதைச் சொல்லிக்கொடுப்பது, எதை எழுதிவைப்பது என்பதை இந்தக் காலண்டர் முடிவு செய்துவிடும்.

கடைசி நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் 21-ஆம் தேதிக்குப் பிறகு வையுங்கள். 10-ஆம் தேதி வேலையை விடுபவர் முந்தைய மாதத்தை நடுவில் அறுத்துவிட்டுப் போகிறார்.

முதல் வாரம்: வேலைப் பட்டியலை பேங்க் ஸ்டேட்மென்ட்டிலிருந்து எடுங்கள்

"நீங்க என்னென்ன பாக்குறீங்க, ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்துடுங்க" என்பார் ஓனர். ஞாபகத்திலிருந்து எழுதினால் தினமும் செய்வதுதான் வரும். நான் அப்படி எழுதியபோது 19 வேலைகள் வந்தன. பிறகு கடந்த 12 மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு பற்றுக்கும் "இதை யார் செய்தது, எதனால் செய்தது" என்று பென்சிலில் குறித்துக்கொண்டே போனேன். பட்டியல் 34 ஆனது. கம்ப்ரஸர் பராமரிப்பு ஒப்பந்தம், தீயணைப்பு சிலிண்டர் நிரப்புதல், கட்டிட இன்ஷூரன்ஸ், ஜனவரியில் கட்டும் தொழிலாளர் நல நிதி, வேன் எஃப்.சி. எல்லாமே வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை வருபவை. ஞாபகம் விட்டுவிடுவதை ஸ்டேட்மென்ட் விடாது.

பணம் போகாத வேலைகளும் உண்டு. அவற்றுக்கு அனுப்பிய மெயில் பெட்டியை ஒரு வருடம் பின்னோக்கிப் புரட்டினால் போதும். பேங்குக்கு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் அனுப்புவது அப்படித்தான் எனக்கு அகப்பட்டது.

பட்டியல் கையில் வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: நான் முடித்துவிட்டுப் போவது, புதியவரிடம் கொடுப்பது, ஓனர் முடிவு சொல்ல வேண்டியது. மூன்றாவது வகையை முதல் வாரத்திலேயே அவர் மேஜையில் வைத்துவிடுங்கள். கடைசி வாரம் கேட்டால் "பாக்கலாம்" என்பார். அந்தப் "பாக்கலாம்" புதியவர் தலையில்தான் விழும்.

ஆள் வரவில்லை என்றால்

பெரும்பாலும் வராது. நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் விளம்பரமே போடுவார்கள். வருபவருக்கும் பழைய இடத்தில் ஒரு மாத நோட்டீஸ் இருக்கும். எனக்கு 6-ஆம் தேதி ஒரு பெண் கிடைத்தது அதிர்ஷ்டம். முதல் பத்து நாளுக்குள் ஆள் வரும் அறிகுறி இல்லை என்றால் காத்திருக்காதீர்கள். பில் என்ட்ரி போடும் உள் ஆளையோ ஆடிட்டர் ஆபீஸ் பையனையோ இடைக்கால ஆளாக வைத்து ஆரம்பித்துவிடுங்கள். நான்கு தேதிகளிலும் செய்யும் வேலையைத் திரையோடு வீடியோவாகப் பதிவு செய்யுங்கள், பேசிக்கொண்டே. பாஸ்வேர்ட் அடிக்கும் இடத்தில் மட்டும் நிறுத்திவிடுங்கள்.

கற்றுக்கொடுப்பது: முடிந்த மாதத்தில் பழக்குங்கள்

7-ஆம் தேதி நான் செய்தேன், அவர் பார்த்தார். 11-ஆம் தேதி அவர் செய்தார், நான் பக்கத்தில் இருந்தேன். 20-ஆம் தேதி அவர் 3B-யைத் தயாரிக்கும்போது நான் கட்டிங் செக்‌ஷனில் போய் உட்கார்ந்துகொண்டேன். இந்த வரிசை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முறைதான் என்பதால் போதாது. கூடுதல் பயிற்சிக்கு நான் பிடித்த வழி, ஏற்கெனவே போட்டு முடித்த மாதம்.

டேலியில் பேக்கப் எடுத்து, அதை வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, கம்பெனிப் பெயரோடு "பயிற்சி" என்று சேர்த்துவிட்டேன். பெயர் மாற்றுவது முக்கியம், இல்லாவிட்டால் யாராவது அதிலேயே அன்றைய பில்லைப் போட்டுவிடுவார்கள். பிறகு ஜூன் மாத பர்ச்சேஸ் பில்களையும் அந்த மாத GSTR-2B-யையும் கொடுத்து, "3B-யில் எவ்வளவு இன்புட் எடுக்கலாம், நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றேன். நாங்கள் போட்ட 3B-யைக் காட்டவில்லை.

மத்தியானம் வந்து சொன்னார். ஒப்பிட்டதில் என்னுடையதைவிடச் சரியாக 9,000 ரூபாய் அதிகம்.

"என்ட்ரி எல்லாம் ரெண்டு தடவை பாத்துட்டேங்ணா, 2B-ல இருக்கறதத்தான் எடுத்திருக்கேன்."

அவர் சொன்னது உண்மைதான். ஓனர் காரின் இன்ஷூரன்ஸ் பிரீமியம் 50,000, அதற்கு 18 சதவீதம் 9,000. பில் கம்பெனி பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு, 2B-யிலும் வந்திருந்தது. ஆனால் ஆட்கள் போகிற காருக்கு அந்த இன்புட்டை எடுக்கக் கூடாது. சரக்கு ஏற்றும் வேனுக்கு எடுக்கலாம். இந்த விஷயம் ஏழு வருடமாக என் தலைக்குள்தான் இருந்தது, எந்தக் குறிப்பிலும் இல்லை. நான் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க எழுதியிருந்தாலும் இதை எழுதியிருப்பேனா என்பது சந்தேகம். அவர் கணக்கு என் கணக்கோடு ஒத்துப்போகாத இடம்தான் காட்டிக்கொடுத்தது. அன்றிலிருந்து ஜூன், மே, மார்ச் என்று மூன்று மாதங்களைப் போடவைத்தேன். மார்ச்சில் வேறு இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. மூன்றாவது மாதத்தில் கணக்கு ஒத்துப்போய்விட்டால் அந்த வேலையை விட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

டிடிஎஸ்ஸுக்கு ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள். பிடித்த பணத்தைத் தாமதமாகக் கட்டினால் வட்டி மாதத்துக்கு 1.5 சதவீதம், மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகக் கணக்காகும். ஜூலையில் பிடித்ததை ஆகஸ்ட் 8-ஆம் தேதி கட்டினால் ஒரு நாள் தாமதம்தானே என்று தோன்றும். ஜூலை ஒன்று, ஆகஸ்ட் ஒன்று என்று 3 சதவீதம் வந்து நிற்கும். புதியவர் தவறவிடக் கூடாத தேதிகளில் 7 முதலில் வருவது இதனால்தான்.

எழுதிவைக்கும் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்

"சாயப்பட்டறை பில் சரிபார்த்து பாஸ் செய்யவும்" என்று எழுதுவது குறிப்பு இல்லை. நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"சாயப்பட்டறை பில் வந்ததும் எங்கள் டெலிவரி சலானையும் அவர்கள் சலானையும் எடுக்கவும். எடுத்துக்காட்டு: கோரா துணி 500 கிலோ போனது, சாயம் போட்டு 462 கிலோ வந்தது. குறைவு 38 கிலோ, 7.6 சதவீதம். இவர்களோடு பேசியிருக்கும் அளவு 6 சதவீதம், அதாவது 30 கிலோ. மிச்சம் 8 கிலோவைத் துணி விலை 320 ரூபாயில் போட்டு 2,560 ரூபாய்க்கு டெபிட் நோட் போடவும். பில்லில் நேராகக் கழிக்கக் கூடாது. எடை மெஷின் சீட்டு இல்லாமல் வந்தால் நிறுத்திவைத்து, ஃபேப்ரிக் இன்சார்ஜ் அண்ணனைக் கேட்கவும். 6 சதவீதம் எங்கும் எழுத்தில் இல்லை. ஓனரும் பட்டறைக்காரரும் பேசிக்கொண்டது."

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் போதும். எப்போது வரும், எந்தத் தாளை வைத்துத் தொடங்குவது, எண்ணோடு ஒரு எடுத்துக்காட்டு, எந்த இடத்தில் தவறும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. எழுதியதைப் புதியவரிடம் கொடுத்து, உங்களிடம் கேட்காமல் செய்யச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எழுந்து உங்களிடம் வருகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். 34-க்கும் எழுத நேரமிருக்காது. அடுத்த மூன்று மாதத்தில் வருபவற்றை முதலில் எழுதிவிட்டு, மற்றவற்றுக்குப் போன வருட ஃபைல் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: பாக்கி வேலைகள்

பாக்கி இரண்டு வகை. ஒன்று கணக்கில் தெரிவது. சஸ்பென்ஸ் கணக்கு, பேங்க் ரீகன்சிலியேஷனில் நிற்பவை, மூன்று மாதம் தாண்டி செல்லாமல் போன செக்குகள், ஆட்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ். சஸ்பென்ஸில் எனக்கு 11 வரிகள் இருந்தன. தினமும் காலையில் ஒரு வரி என்று எடுத்து எட்டை முடித்தேன். மூன்று முடியவில்லை, இன்னாரிடம் இந்தத் தேதியில் கேட்டேன், இந்தப் பதில் வந்தது என்று எழுதிவைத்தேன். பூஜ்ஜியமாகக் காட்ட வேண்டும் என்பதற்காக எங்காவது ஒரு செலவுக் கணக்கில் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். ஆடிட்டில் அது வெளிவரும்போது பதில் சொல்ல நிற்பது அந்தப் பெண்தான்.

வெளியே போன துணி சலான்களில் இன்னும் திரும்பி வராதவற்றைத் தேதி வரிசையில் எடுங்கள். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் ஒரு வருடத்துக்குள் வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகிவிடும். எங்களிடம் பத்து மாதம் தாண்டிய சலான்கள் நான்கு இருந்தன. இரண்டில் துணி என்றைக்கோ வந்துவிட்டது, உள்வரவுதான் போடவில்லை.

இரண்டாவது வகை பேச்சு பாக்கி. கணக்கில் எங்கும் இருக்காது, அதனாலேயே தொலையும். வடநாட்டுப் பார்ட்டி ஒருவர் ஷேட் வித்தியாசத்துக்காக 42,000 கழிக்கப்போவதாகப் போனில் சொன்னார், ஓனரும் சரி என்றார், டெபிட் நோட் வரவில்லை. தீபாவளிக்கு முன் பாதிப் பணம் வேண்டும் என்று பிரிண்டிங்காரர் போன மாதம் கேட்டார், பார்க்கலாம் என்றேன். இப்படிப்பட்டதை எடுக்க ஒரு சுலப வழி: சன்ட்ரி கிரெடிட்டர்ஸ், டெட்டர்ஸ் பட்டியலை மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒவ்வொரு பெயரிலும் "இவரிடம் நான் வாயால் என்ன சொல்லியிருக்கிறேன்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாக்குக் கொடுத்தவர்களுக்குப் புதியவரைப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில் போன் போட்டேன். "அண்ணே, இனிமே இவங்கதான் பாப்பாங்க, நம்ம பேசினத சொல்லிட்டேன், நீங்களும் ஒருக்கா சொல்லிடுங்க." அந்தப் பக்கத்திலிருந்து வரும் கதை சில சமயம் நம் கதையோடு ஒத்துப்போகாது. அதை நாம் இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

மூன்றாம் வாரத்துக்குப் பிறகு புது வேலை எதையும் கையில் எடுக்காதீர்கள். "போறதுக்குள்ள இந்த லோன் பேப்பரை மட்டும்..." என்று வரும். "அவங்க பண்ணட்டும் சார், நான் கூட இருக்கேன்" என்று சொல்லுங்கள்.

உங்கள் போனுக்கு வரும் ஓடிபி

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். முன்பு ஒரு இடத்தில் சேர்ந்தபோது ஜிஎஸ்டி போர்ட்டலில் இருந்த எண் எனக்கு முன்பிருந்தவருடையது. 20-ஆம் தேதி சாயங்காலம் ஓடிபி கேட்டு அவருக்கு ஒன்பது தடவை கூப்பிட்டேன், அவர் கல்யாண வீட்டில் இருந்தார். 3B மறுநாள்தான் போனது. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய்தான், ஆனால் கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி தனி. எல்லாவற்றையும்விட, சேர்ந்த முதல் மாதமே தாமதம் என்ற பெயர்.

உங்கள் எண்ணோ சொந்த மெயிலோ பதிந்திருக்கும் இடங்களை எழுதுங்கள்: ஜிஎஸ்டி, இ-வே பில், வருமான வரியின் டான் லாகின், TRACES, பிஎஃப், ஈஎஸ்ஐ, நெட் பேங்கிங், டேலி லைசென்ஸ், மின்வாரியம். ஜிஎஸ்டியில் மொபைலும் மெயிலும் மாற்ற பதிவுத் திருத்தத்தில் Non-Core பகுதிக்குள் போக வேண்டும். அதிகாரி ஒப்புதல் தேவையில்லை, ஓடிபி போதும். நெட் பேங்கிங்கில் அப்படி இல்லை, கடிதம், கையெழுத்து, பேங்க் மேனேஜர் என்று நாள் எடுக்கும். எனவே பேங்கை இரண்டாம் வாரத்திலேயே தொடங்குங்கள். கம்பெனி பெயரில் ஒரு சிம், ஒரு பொது மெயில் வாங்கச் சொல்லி அதற்கு மாற்றினால், அடுத்து போகிறவருக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 3B போடும் நாளுக்குச் சற்று முன்பு எதையும் மாற்றாதீர்கள். நான் 21 முதல் 24 வரை எடுத்துக்கொண்டேன்.

மாற்றிய பிறகு சோதனை ஒன்று. உங்கள் போனை அணைத்து மேஜைமேல் வைத்துவிட்டு, புதியவரை ஒவ்வொரு போர்ட்டலாக உள்ளே போகச் சொல்லுங்கள். எனக்கு ஈஎஸ்ஐ அதில்தான் மாட்டியது.

டேலிவால்ட் பாஸ்வேர்ட் தனி கதை. அதை மறந்துபோனால் டேலி கம்பெனிக்காரர்களாலும் எடுத்துக்கொடுக்க முடியாது. தாளில் எழுதி, உறைக்குள் வைத்து ஒட்டி, ஓனர் கையில் கொடுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஓனருடையது; அதையும், அது எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்பதையும் சேர்த்து அவரிடமே கொடுத்துவிட வேண்டும்.

கடைசி வாரமும் கடைசி நாளும்

கடைசி நான்கு நாள் நான் என் நாற்காலியில் உட்காரவில்லை. அவர் உட்கார்ந்தார், நான் எதிரில். போனையும் அவரே எடுத்தார். இந்த நாட்களில் அவர் உங்களிடம் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் எண்ணிக்கொண்டு வாருங்கள். எனக்கு முதல் நாள் 14, நான்காம் நாள் 3. குறையாமல் இருந்தால் குறிப்பில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

கடைசி நாள் காலையில் பெட்டிக் கேஷை எண்ணி, 500 எத்தனை, 100 எத்தனை என்று எழுதி, டேலி இருப்போடு ஒப்பிட்டு இருவரும் கையெழுத்துப் போடுங்கள். செக் புத்தகத்தில் மிச்சமுள்ள இலைகளின் எண்கள், சாவிகள், முந்தைய நாள்வரை ஒப்பிட்ட பேங்க் ரீகன்சிலியேஷன், முடியாத வேலைகளின் பட்டியல். எல்லாம் ஒரே தாளில், ஓனர் கையெழுத்தோடு, உங்களுக்கு ஒரு நகல். செப்டம்பரில் ஏதாவது காணவில்லை என்றால் பேச்சு அந்தத் தாளிலிருந்து தொடங்கும்.

போன பிறகு கூப்பிடுவார்கள். இரண்டு வாரம், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பச் சொன்னேன். எழுதும்போதே பாதிக் கேள்விக்கு அவருக்கே பதில் தெரிந்துவிடுகிறது.

கடைசியாக, நமக்கு மட்டும் உள்ள ஒரு வேடிக்கை. மற்றவர்கள் வேலையை விட்டால் பிஎஃப் போர்ட்டலில் விலகிய தேதியைப் போடுவது நாம். நாம் விட்டால்? அதைப் புதியவர்தான் போட வேண்டும். போடாவிட்டால் இரண்டு மாதம் கழித்து நாமே போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணத்தை மாற்றுவது இழுக்கும். அதனால் பிஎஃப் பயிற்சிக்கு என் பெயரையே எடுத்துக்காட்டாக வைத்து, எங்கே கிளிக் செய்வது, என்ன காரணம் போடுவது என்று குறிப்பில் எழுதியிருந்தேன். செப்டம்பர் 16 என் பாஸ்புக்கையும் சர்வீஸ் ஹிஸ்டரியையும் திறந்து பார்த்தேன். ஆகஸ்ட் மாதப் பணம் ஏறியிருந்தது, விலகிய தேதி 31 என்று இருந்தது. அன்றைக்கு ஏழு மணிக்கு அவரிடமிருந்து மெசேஜ் எதுவும் வரவில்லை.